ஒரு முழம் குறைந்த கயிறு

ஓய்வு நேரத்தில் நான் செய்துவரும் சிறிய கணினி விளையாட்டில் ஒரு கிணறு வருகிறது. அம்மா வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் இருந்த கிணறு. ஒரு வறட்சியில் தண்ணீர் அடியில் போய்விட, வாளி எட்டாமல், பக்கத்து வீட்டுக் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு இறைத்தார்களாம். அம்மா பலமுறை சொன்ன கதை. அதுதான் விளையாட்டின் முதல் கட்டம். கயிறு 6 மீட்டர். தண்ணீரோ கப்பியிலிருந்து 6.4 மீட்டர் கீழே. குறைவது 40 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு முழம். ஆடுபவர் லயத்தில் வீடு வீடாகப் போய் இன்னொரு கயிறு கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே 6 மீட்டர் கயிறு 6 மீட்டராகவே இருந்தாக வேண்டும். கணினியில் அது எளிதல்ல.

கணினிக்குக் கயிறு என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தவை புள்ளிகள்தான். என் கயிற்றில் 21 புள்ளிகள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 30 சென்டிமீட்டர், ஆக 20 கண்ணிகள். முதல் புள்ளி கப்பியில் ஆணி அடித்ததுபோல அசையாது. கடைசிப் புள்ளிதான் வாளி. புள்ளிகளை நகர்த்த வெர்லே முறையைப் பயன்படுத்துகிறேன். லூ வெர்லே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1967-இல் 864 ஆர்கான் அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிடக் கையாண்ட முறை இது. 2001-இல் தாமஸ் யாக்கப்சன், ‘ஹிட்மேன்’ விளையாட்டில் உடல்களும் துணிகளும் அசைவதற்கு இதை எப்படிப் பயன்படுத்தினார் என்று விளக்கிய பிறகு, விளையாட்டு செய்பவர்களிடையே நன்றாகப் பரவிவிட்டது.

இதன் அழகு, வேகத்தைத் தனியாக எழுதி வைப்பதில்லை என்பதுதான். புள்ளி இப்போது எங்கே, சற்றுமுன் எங்கே என்ற இரண்டு மட்டும் போதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வேகம்.

```
v = (y - oldY) * 0.99
oldY = y
y = y + v + 9.8 * dt * dt
```

`dt` என்பது ஒரு படியின் நேரம், வினாடியில் 60-இல் ஒரு பங்கு. 9.8 பூமியின் ஈர்ப்பு. பெருக்கிப் பாருங்கள்: அசையாமல் தொங்கும் புள்ளியும் ஒவ்வொரு படியிலும் 2.7 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். அதை மறுபடி மேலே இழுத்து வைப்பது அடுத்த வேலை.

அந்த வேலைக்குப் பெயர் தூரக் கட்டுப்பாடு. ஒரு கண்ணியை அளக்கிறோம். 30 இருக்க வேண்டியது 32 இருந்தால், இரு முனைகளையும் ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளுகிறோம். பிறகு அடுத்த கண்ணி. ஆனால் அதைச் சரிசெய்யும்போது முந்தைய கண்ணி மறுபடி கொஞ்சம் கெட்டுப்போகும். அதனால் மேலிருந்து கீழாக ஒரு சுற்று முடிந்ததும் மீண்டும் ஒரு சுற்று, மீண்டும் ஒரு சுற்று. ஒரு படிக்கு 5 சுற்று என்று வைத்தேன். வெறும் கயிறு அருமையாக ஆடியது.

வாளியைக் கட்டியதும் கதை மாறியது. அம்மாவிடம் திரையைக் காட்டினேன்.

“என்னடா இது? நான் பால்மரம் வெட்டுனவதான். அதுக்காகக் கயித்தையும் ரப்பர்லயா செய்வாங்க?” என்றார்.

காரணம் எடைதான். கயிறு முழுவதும் ஒரு கிலோ, அதாவது புள்ளிக்கு 50 கிராம். காலி இரும்பு வாளி இரண்டரைக் கிலோ, 50 மடங்கு. எடை வேறுபட்டால் தள்ளுவதைச் சரிபாதியாகப் பிரிக்க முடியாது. கனமானது குறைவாக நகர வேண்டும். கடைசிக் கண்ணியின் இடைவெளியில் 51-இல் ஒரு பங்குதான் வாளியை ஏற்றும். மீதி 50 பங்கும் கயிற்றுப் புள்ளியைக் கீழே இழுக்கும். கண்ணி 2 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் ஒரு சுற்றில் வாளி ஏறுவது வெறும் 0.4 மில்லிமீட்டர். 5 சுற்றுக்கு 2 மில்லிமீட்டர். அதுவோ படிக்கு 2.7 மில்லிமீட்டர் விழுகிறது. ஏறுவது விழுவதைவிடக் குறைவாக இருக்கும்வரை கயிறு நீண்டுகொண்டே போகும். இரண்டும் சமமாகும்போது கண்ணிக்கு 2.8 சென்டிமீட்டர் கூடியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகச் சரிசெய்யப்படும் அடிக்கண்ணியை விட்டால் மீதி 19 கண்ணிகளும் சேர்ந்து 53 சென்டிமீட்டர். குறைந்த ஒரு முழத்தைக் கயிறே நீண்டு ஈடுகட்டிவிட்டது! வாளி தண்ணீரைத் தொட்டது. பக்கத்து வீட்டுக் கயிறு யாருக்கு வேண்டும்?

வாளி நிறைந்தால் இன்னும் மோசம். 10 லிட்டர் தண்ணீரோடு பன்னிரண்டரைக் கிலோ. இதே கணக்கில் கயிறு 2.6 மீட்டர் நீளும்.

சுற்றுகளைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. 5 சுற்றை 50 ஆக்கினால் நீட்சி பத்தில் ஒரு பங்காகும், உண்மைதான். நிறைந்த வாளிக்கு 26 சென்டிமீட்டர். வேலையும் பத்து மடங்கு. ஒரு கிணற்றுக் கயிற்றுக்கு அது ஒன்றுமில்லை; திரை முழுக்கத் துணிக்கொடியும் மின்கம்பியும் தொங்கினால் கைப்பேசி சூடாகிவிடும்.

இதைவிட நல்ல வழியை 2019-இல் மைல்ஸ் மாக்லின் குழுவினர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்கள். சுற்றைக் கூட்டாதே, படியைச் சிறிதாக்கு. ஒரு பெரிய படியில் 10 சுற்றுக்குப் பதிலாக, பத்துக் குட்டிப் படிகள், ஒவ்வொன்றிலும் ஒரே சுற்று. கண்ணிகளைத் திருத்தும் வேலை அதே அளவுதான். ஆனால் மேலே உள்ள வரியில் `dt` இரண்டுமுறை பெருக்கப்படுகிறது அல்லவா? படி பத்தில் ஒன்றானால் விழும் தூரம் நூறில் ஒன்றாகிவிடும். ஒரு படியில் 10 சுற்று வைத்தால் நிறைந்த வாளி கயிற்றை 1.3 மீட்டர் நீட்டும். பத்துக் குட்டிப் படிகளில் 13 சென்டிமீட்டர்தான். இருபது வைத்தால் 3 சென்டிமீட்டர். உண்மையான கயிறும் கொஞ்சம் இழுபடத்தானே செய்யும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கயிற்றில் அல்ல, அந்த 0.99-இல். காற்று ஆட்டத்தைத் தணிப்பதுபோல் வேகத்தைச் சற்றுக் குறைக்கும் எண் அது. வினாடிக்கு 60 முறை பெருக்கினால் வேகத்தில் 55 விழுக்காடு மிஞ்சும். குட்டிப் படிகளில் 600 முறை பெருக்கப்படும். அப்போது கால் விழுக்காடுகூட மிஞ்சாது. வாளி கிணற்றுக்குள் விழாமல் பாகில் முங்குவதுபோல் மெல்ல இறங்கும். அப்படி இறங்கக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், இந்த எண்ணைப் பாருங்கள். 0.999 ஆக்கினால் வினாடிக்குப் பழைய 55 விழுக்காடே வந்துவிடும்.

எஞ்சிய 3 சென்டிமீட்டரையும் விடக்கூடாது என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. கப்பிக்கும் வாளிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கட்டுப்பாடு: 6 மீட்டரைத் தாண்டினால் மட்டும் வாளியை நேராக மேலே இழு, உள்ளே இருந்தால் சும்மா இரு. கயிறு தளர்ந்து தொங்கும்போது இது குறுக்கிடாது. முழு நீளமும் விறைத்து நிற்கும்போது மட்டும் வேலை செய்யும். ஆனால் கயிறு வேறெதன் மீதாவது வளைந்து போனால் இது ஏமாறும். நேர்க்கோட்டுத் தூரத்தைத்தான் இது அளக்கிறது. கிணற்றின் விளிம்பில் கயிறு உரசுகிற காட்சியில் இதை நீக்கிவிட்டுக் குட்டிப் படிகளை மட்டும் நம்புகிறேன்.

இரண்டாவது கயிறு கிடைத்ததும் முடிச்சு போடுவது, பார்த்தால், மிகச் சுலபம். முதல் கயிற்றின் கடைசிப் புள்ளிக்கும் அடுத்ததன் முதல் புள்ளிக்கும் இடையே இன்னொரு தூரக் கட்டுப்பாடு, நீளம் சுழியம். அம்மா அதையும் பார்த்தார். முடிச்சு கப்பியில் ஏறும்போது ஒரு தடவை சிக்கிக்கொள்ளும், அப்போது ஓர் ஆள் கயிற்றை உதறிவிட வேண்டும் என்றார். கப்பியில் சிக்கும் முடிச்சை இன்னும் எழுதி முடிக்கவில்லை.