செக்ரோலும் திரையும்: ஒரு மீளாய்வுக் குறிப்பேடு

திங்கள்

மொனராகலையின் இறப்பர் தோட்டமொன்றில் பழைய சம்பளப் புத்தகங்களுக்குப் பதிலாகக் கணக்கியல் மென்பொருள் நடைமுறைக்கு வந்து சில மாதங்கள் ஆனபின், அது சொன்ன வேலையைச் செய்கிறதா என்று பார்ப்பதே இந்த மீளாய்வின் நோக்கம். மென்பொருள் வேலை செய்கிறதா என்ற கேள்விக்குக் கந்தோரில் எவரும் 'ஆம்' என்றே சொல்வர். சம்பளச் சீட்டு அச்சாகிறது, பரீட்சை மீதி சமப்படுகிறது, கொழும்புத் தலைமையகத்துக்கு அறிக்கை போகிறது. ஆனால் தோட்டக் கணக்கில் பணம் பிழைபடும் இடம் பேரேட்டின் மொத்தமன்று, தனித் தொழிலாளியின் பெயருக்கு எதிரேயுள்ள வரியாகும். ஆகவே பண்டிகை முற்பணம், கடன், சேமலாப நிதிக் கழிவு என்று ஆளுக்கு ஆள் மாறும் நிலுவைகளிலிருந்தே பரிசோதனை தொடங்குகிறது.

செவ்வாய்

தரவு மாற்றம், அதாவது பழைய புத்தகங்களிலுள்ள ஆட்பெயர்களையும் நிலுவைகளையும் புதிய மென்பொருளுக்குள் ஏற்றும் வேலை, நடைமுறைப்படுத்தியோரின் அறிக்கையில் 'முழுமையாகச் சரி' என்று பதிவாகியிருக்கிறது. அதற்கு இரண்டு சான்றுகள் காட்டப்பட்டுள்ளன: முற்பண நிலுவைகளின் மொத்தம் இரு பக்கமும் ஒத்திருப்பது ஒன்று, தொழிலாளரின் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கங்களையெல்லாம் கூட்டினால் ஒரே தொகை வருவது மற்றொன்று. இலக்கங்களைக் கூட்டுவதற்குக் கணக்கியல் பொருள் ஏதுமில்லை என்றாலும், எவருடைய பதிவேனும் விடுபட்டிருந்தால் அந்தக் கூட்டுத்தொகை உடனே மாறிவிடும் என்பதால் அது பயனுள்ள பொறிதான். எனினும் இவ்விரு பொறிகளிலும் சிக்காத பிழையொன்று தோட்டங்களில் மிக இயல்பாக நேர்கிறது.

செக்ரோல் இலக்கம் ஒரு பிரிவுக்குள் மட்டுமே ஆளை அடையாளம் காட்டுவது. ஒருவர் ஓய்வுபெற்றாலோ வேறு பிரிவுக்கு மாறினாலோ அதே இலக்கம் புதியவருக்குப் போகக்கூடும். ஆளோடு நிலைத்திருப்பது சேமலாப நிதி இலக்கமாகும். பழைய நிலுவைகளைச் செக்ரோல் இலக்கத்தை வைத்து ஏற்றினால், ஒருவரின் கடன் மற்றவர் தலையில் ஏறிவிடும். எடுத்துக்காட்டாக, 214 என்ற அங்கத்துவ இலக்கமுடையவருக்கு 6,000 ரூபாயும் 731 என்ற இலக்கமுடையவருக்கு 1,500 ரூபாயும் நிலுவை இருந்து, அவை இடம் மாறி ஏறியதாகக் கொள்ளலாம். நிலுவை மொத்தம் இரு பக்கமும் 7,500; இலக்கங்களின் கூட்டு இரு பக்கமும் 945. இரண்டு பரிசோதனையும் தேறிவிடும், ஆனால் ஒருவர் தான் வாங்காத 4,500 ரூபாயைக் கட்டிக்கொண்டிருப்பார்.

இதைப் பிடிக்க இலக்கத்தையும் நிலுவையையும் பெருக்கி, அந்தப் பெருக்கங்களைக் கூட்டினால் போதும். சரியான பதிவில் அது 2,380,500. இடம் மாறிய பதிவில் 4,707,000. இவ்வித்தியாசம் பிழை உண்டு என்று மட்டுமே சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்கு இரு பட்டியல்களையும் சேமலாப நிதி இலக்க வரிசையில் அடுக்கி வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். தோட்டமொன்றின் ஆட்தொகைக்கு அது பெரிய வேலையன்று. ஏற்றுமுன் ஒவ்வொரு தொழிலாளியிடமும் நிலுவைச் சீட்டைக் காட்டிக் கையொப்பம் வாங்கியிருந்தால் அந்த வேலையும் மிஞ்சியிராது.

புதன்

சமாந்தர ஓட்டம் என்பது பழைய முறையையும் புதிய முறையையும் சில மாதங்கள் ஒருசேர நடத்தி, விடைகளை ஒப்பிடுவதாகும். மாதத்தை எண்ணிக் காலம் குறிப்பது இதில் பொதுவான வழக்கம். நிகழ்வை எண்ணுவதே பொருத்தம். சம்பள வீதம் மாறும் மாதம், பண்டிகை முற்பணம் கொடுக்கும் மாதம், அதன் முதல் தவணை கழிக்கப்படும் மாதம் ஆகியவற்றைக் காணாத சமாந்தர ஓட்டம் எத்தனை மாதம் நீண்டாலும் குறைபட்டதே.

2024 சம்பள வீதம் மாறிய அத்தகைய ஆண்டாக அமைந்தது. நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கிய வர்த்தமானியை உயர் நீதிமன்றம் ஜூலையில் இடைநிறுத்தியது; பின்னர் செப்டெம்பர் மாதத்தின் இடையில் 1,000 ரூபாய் 1,350 ஆனது. ஒரே மாதத்துக்குள் இரண்டு வீதங்கள் வரும்போது, வீதத்தை அது நடைமுறைக்கு வரும் திகதியோடு சேர்த்து வைத்திருக்கும் மென்பொருளே சரியாகக் கணக்கிடும். வீதத்தை ஒரே எண்ணாக வைத்திருக்கும் மென்பொருளில், புதிய எண்ணைப் பதிந்தவுடன் மாதம் முழுவதும் அதே வீதத்துக்கு மாறிவிடும். மாறுதலுக்கு முன் 7 பேரும் பின் 13 பேரும் போட்ட ஒருவருக்கு 24,550 ரூபாய் வரவேண்டும். பிழையான கணக்கில் 27,000 வரும். ('பேர்' என்பது தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலை.)

இங்கே வித்தியாசத்தின் அளவே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. 2,450 ரூபாய் என்பது 350இன் ஏழு மடங்கு, ஆகவே பிழை வீதத்தின் திகதியில் இருக்கிறது. வித்தியாசம் 1,350 அல்லது அரைப்பேருக்குரிய 675 ஆக இருந்தால், பேர் பதிந்ததில் பிழையைத் தேட வேண்டும். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு 8 சதவீதம் என்பதால், 1,350 ரூபாய் வீதத்தில் ஒரு பேருக்கு 108 ரூபாயும் அரைப்பேருக்கு 54 ரூபாயும் சதமின்றி வரும். அந்தக் கழிவில் சில்லறைச் சதங்கள் தென்பட்டால், பேரல்லாத வேறொரு வருமானம் அதற்குள் சேர்ந்திருக்கிறதென்று கொள்ளலாம். 'முழுச் சம்பளப் பட்டியலில் இத்தனை சதவீதம் பொருந்தியது' என்று எழுதும் அறிக்கைகளில் இந்தத் துப்புகள் எல்லாம் கரைந்துபோகின்றன.

இன்னுமொன்று. பழைய புத்தகத்தைத் திரையைப் பார்த்தே எழுதினால் அது சமாந்தர ஓட்டமாகாது, பிரதி எடுத்தலாகும். வேலை நெருக்கத்தில் கிளாக்கர்கள் அப்படிச் செய்வதில் வியப்பில்லை. ஒரே ஆட்கள் அதே சம்பள நாளுக்குள் இரட்டை வேலை செய்ய வேண்டியிருக்கிறது. வெட்டும் திருத்தமும் இல்லாத துப்புரவான புத்தகமும், இரு பக்கமும் ஒரே இடத்தில் தவறும் கணக்கும் அதன் அடையாளங்கள். இரண்டும் தனித்தனியே வெளிச் செக்ரோலிலிருந்து எழுதப்பட வேண்டும்.

வியாழன்

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் அதன் குறை தெளிவாகவே தெரிகிறது. மாதிரித் தரவில், பிழையே நேராத ஒரு மாதத்தைப் பதிந்து காட்டுவதோடு பயிற்சி முடிந்திருக்கிறது. கந்தோரில் நாளாந்தம் தேவைப்படுவதோ தவறைத் திருத்தும் முறை: தவறான பதிவை அழிக்காமல், அதற்கு எதிர்ப்பதிவு போட்டு, பின் சரியானதைப் பதிவது. அது தெரியாதவர் நிலுவையை நேரே மாற்றுவார், அல்லது தனியே ஒரு எக்செல் தாளில் உண்மைக் கணக்கை வைத்துக்கொண்டு திரையை ஒப்புக்கு நிரப்புவார். பயிற்சி பலித்ததா என்று அறிய வினாத்தாள் வேண்டியதில்லை; முடிந்த மாதமொன்றில் ஒரு பிழையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னாலே போதும்.

எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்வதும் பயிற்சிக் குறைதான்; பதிவை மாற்றியவர் யாரென்று தெரியாமற்போவதால் விளைவில் மிகக் கொடியதுமாகும். பிரித்தானியத் தபால் கந்தோர்களில் 1999 முதல் நடைமுறைக்கு வந்த 'ஹொரைசன்' மென்பொருள் காட்டிய பற்றாக்குறைகளுக்காக 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். மென்பொருளிலேயே பிழைகள் இருந்தன என்று 2019இல்தான் இலண்டன் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிளைக் கணக்குகளை வெளியிலிருந்து மாற்ற முடிந்ததும் அந்த வழக்கில் தெளிவாயிற்று. யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்ட முடியாத கணக்கில் காசு குறைந்தால் பழி காசாளர் மீதோ கிளாக்கர் மீதோதான் விழும்.

வெள்ளி

முடிவு: மென்பொருளைத் தொடரலாம். ஆனால் பண்டிகை முற்பணத்தின் கடைசித் தவணை கழிக்கப்பட்டு, ஒவ்வொரு தொழிலாளியின் நிலுவையும் சேமலாப நிதி இலக்கத்தின்படி ஒப்பிடப்பட்டு, அவரவர் கையொப்பம் பெறப்படும்வரை பழைய செக்ரோல் புத்தகங்களை மூட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் அடுத்த சம்பள நாளுக்கு முன் வழங்கப்பட வேண்டும்.