பன்னிரண்டில் ஐம்பது நாள் குறைவு

"வியாழன் ஒரு வீட்டில் ஒரு வருடம் இருக்கும்" என்று என் தகப்பனார் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லுவார். வீடுகள் பன்னிரண்டு. ஆகவே ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு வருடம். கும்பகோணத்து மகாமகம் 1992, 2004, 2016 என்று வந்ததும் இந்தக் கணக்கால்தான்.

ஹரித்துவார் கும்பமேளாவோ 2010க்குப் பிறகு 2021இல் நடந்தது. "இது பதினொரு வருடம்தானே அப்பா, பஞ்சாங்கம் பிழையா?" என்று என் மகள் கேட்டாள். அவளோடு இருந்து கணக்குப் பார்த்தேன்.

சூரியனிலிருந்து பூமி இருக்கும் தூரத்தைப் போல ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் வியாழன் இருக்கிறது. அதனால் அது போகவேண்டிய வழியும் ஐந்து மடங்கு நீளம். வேகமோ பூமியின் வேகத்தில் பாதிக்கும் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4333 நாட்கள் ஆகின்றன. பன்னிரண்டு வருடத்துக்கு 4383 நாட்கள். அதாவது பன்னிரண்டு வருடம் நிறைய 50 நாட்கள் இருக்கும்போதே வியாழன் தன் சுற்றை முடித்துவிடுகிறது.

ஆகவே பன்னிரண்டு வருடம் கழித்து அதே நாளில் பார்த்தால், வியாழன் பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ 4 பாகை முன்னே நிற்கும். ஒரு வீட்டின் நீளம் 30 பாகை. ஒருமுறை 4 பாகை தள்ளினால் பெரும்பாலும் அதே வீட்டுக்குள்தான் இருக்கும், விழாவுக்குத் தடையில்லை. ஏழுமுறை தள்ளினால் ஏறக்குறைய ஒரு முழு வீடு கழிந்துவிடும்.

ஹரித்துவாரில் நடந்தது இதுதான். அங்கே வியாழன் கும்பத்திலும் சூரியன் மேடத்திலும் இருக்கவேண்டும். வருடத்தைத் தீர்மானிப்பது வியாழன், மாதத்தைத் தீர்மானிப்பது சூரியன். சூரியன் மேடத்துக்கு வருவது சித்திரைப் பிறப்பில், ஏப்ரல் நடுப்பகுதியில். 2010இல் அப்போது வியாழன் கும்பத்தின் கடைசிப் பகுதியில் நின்று, மே தொடக்கத்தில் மீனத்துக்குப் போனது. பன்னிரண்டு வருடம் கழித்து 2022இல், சூரியன் மேடத்தை அடைந்த அதே வேளையில் வியாழன் மீனத்துக்குப் போய்விட்டது. ஆனால் 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் அது கும்பத்துக்கு வந்திருந்தது. ஆகவே மேளாவை ஒரு வருடம் முன்னதாக வைத்தார்கள்.

இப்படி நடந்தது இது முதல் தடவையும் அல்ல. 1927க்குப் பிறகு ஹரித்துவார் மேளா 1938இல் வந்தது. 1938இலிருந்து 2021 வரை 83 வருடங்கள். வியாழன் ஏழு சுற்றுகளை முடிக்கும் காலம் ஏறத்தாழ அதே 83 வருடங்கள்தான்.

பஞ்சாங்கத்தில் பிழையில்லை என்று மகளுக்குச் சொன்னேன். பன்னிரண்டு என்பது நாங்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் எண். விழா காத்திருப்பது எண்ணுக்கு அல்ல, வியாழன் வந்துசேரும் வீட்டுக்கு.