ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை

மைசூரில் நான் வேலை பார்த்த நிறுவனம், விடுதி அறைகளைப் பட்டியலிட்டு முன்பதிவு செய்து தரும் சிறிய தளம் ஒன்றை நடத்தியது. மற்ற மாதங்களில் கூட்டம் அளவாகத்தான் இருக்கும். தசரா நெருங்கினால் கதை வேறு. திம்பம் மலைப்பாதை ஏறி ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெங்களூர்க்காரர்கள் கேட்கவே வேண்டாம். ஜம்பு சவாரி நடக்கும் விஜயதசமியை ஒட்டிய மூன்று நாட்களுக்கு எங்கே அறை காலியாக இருக்கிறது என்பதுதான் எல்லோருக்கும் தெரியவேண்டிய ஒரே விஷயம். அந்த ஒரே கேள்வி எங்கள் டேட்டாபேஸைத் திணறடித்த வருடம், கேஷ் பற்றி நான் அதுவரை நம்பிக்கொண்டிருந்த பலவற்றை மாற்றியது.

எங்கள் அமைப்பு எல்லோரிடமும் இருப்பதுதான். பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், முன்னால் ரெடிஸ். அடிக்கடி கேட்கப்படும் சரக்கைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே இல்லாதபோது மட்டும் குடோனுக்கு ஆள் அனுப்புவதைப் போல, கேட்ட விடை ரெடிஸின் நினைவகத்தில் இருந்தால் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் திரும்பிவிடும். இல்லையென்றால் டேட்டாபேஸில் தேடி, கிடைத்ததை ரெடிஸில் வைத்துவிட்டு, பிறகு கொடுக்கும். வைக்கும்போதே அதற்கு ஓர் ஆயுள் குறிக்கப்படும். எங்கள் காலி அறைப் பட்டியலுக்கு அது 300 வினாடி. 2003இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதிய மெம்கேஷ்டு காலம் முதல் இதுதான் வழக்கமான ஏற்பாடு.

தசராவின் முதல் வார இறுதி மாலையில் தளம் விட்டு விட்டுத் தொங்க ஆரம்பித்தது. சில நிமிடம் நன்றாக ஓடும், பிறகு பக்கம் வராது, பிறகு தானாகச் சரியாகும். டேட்டாபேஸ் பதிவேட்டில் `FATAL: sorry, too many clients already` என்ற வரி கொத்துக் கொத்தாக விழுந்திருந்தது. நாங்கள் முதலில் பார்த்தது கேஷைத்தான். ரெடிஸில் `INFO stats` கொடுத்தால் `keyspace_hits`, `keyspace_misses` என்று இரண்டு எண்கள் வரும். எத்தனை முறை விடை கையிலேயே கிடைத்தது, எத்தனை முறை இல்லாமல் போனது என்பதை அவை சொல்லும். கணக்குப் போட்டால் 97.5 சதவீதம் கிடைத்திருந்தது. நூற்றில் இரண்டு மூன்று கோரிக்கைகள்தான் டேட்டாபேஸ் வரை போகின்றன. அப்படியிருக்க அது ஏன் மூச்சு முட்டுகிறது?

எங்கள் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கேஷின் பக்கமே போகவில்லை. டேட்டாபேஸ் சர்வரின் சுமை வரைபடத்தைத் திறந்து, கூர்கூராக நின்ற முகடுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம். "மனுஷங்க இப்படிக் கடிகாரம் பாத்து வரமாட்டாங்க தம்பி. நாம எங்கயோ வச்ச நேரம் இது," என்றார். அடுத்த முகடு வரும் வரை காத்திருந்து இதை ஓட்டினார்:

```
SELECT query, count(*)
FROM pg_stat_activity
WHERE state = 'active'
GROUP BY query
ORDER BY 2 DESC;
```

அந்தக் கணத்தில் டேட்டாபேஸ் எந்தெந்தக் குவெரியை எத்தனை பேருக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இது காட்டும். மேலே ஒரே ஒரு வரி, காலி அறைப் பட்டியல். எண்ணிக்கை நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே கேள்வி, ஒரே விடை, அதை நூறு பேருக்கு நூறு முறை தனித்தனியாகத் தேடிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம்.

அன்றிரவு அவர் என்னை உட்காரவைத்துத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கு இது. தனியாக ஓடினால் அந்தக் குவெரிக்கு 0.6 வினாடி ஆகும். சர்வரில் எட்டு கோர்கள், ஆகவே வினாடிக்குச் சுமார் 13 முறை அதை ஓட்டி முடிக்கலாம். தசரா மாலையில் அந்தப் பட்டியலை வினாடிக்கு 400 பேர் கேட்கிறார்கள். கேஷில் விடை இருக்கும்வரை கவலையில்லை. 300வது வினாடியில் ஆயுள் முடிந்து அது மறைகிறது. அடுத்து வருபவர் இல்லை என்று கண்டு டேட்டாபேஸுக்குப் போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் வருகிற எல்லோருக்கும் அதே இல்லைதான். எல்லோரும் போகிறார்கள். டேட்டாபேஸ் ஏற்கும் நூறு இணைப்புகளும் நிரம்புகின்றன. எட்டு கோர்களை நூறு பேர் பங்கிட்டுக்கொள்வதால் முதல் விடையே 0.6 வினாடியில் வருவதில்லை, ஏழரை வினாடி ஆகிறது. அந்த ஏழரை வினாடியில் 3,000 கோரிக்கைகள் கேஷில் ஏமாந்து டேட்டாபேஸின் வாசலில் நிற்கின்றன.

எனக்கு அதுவரை தெரியாதிருந்தது இதற்குப் பிறகு நடப்பது. முதல் விடை வந்து கேஷ் நிரம்பியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். புதிதாக வருபவர்களுக்குச் சரியாகிறது. ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களோ கேஷைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இணைப்பு கிடைத்ததும் அதே குவெரியை மறுபடி ஓட்டுகிறார்கள். வினாடிக்கு 13 வீதம் 3,000 பேரும் முடிய 225 வினாடிக்கு மேல் வேண்டும். பலர் அதற்குள் அலுத்துப் பக்கத்தைப் புதுப்பிப்பார்கள், சிலரது நேரம் கடந்து பிழை வரும். எப்படியோ வரிசை கரையும்போது அடுத்த 300வது வினாடி வந்துவிடும்.

97.5 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதும் அதே தாளில் இருந்தது. ஐந்து நிமிடத்தில் 1,20,000 கோரிக்கைகள். அவற்றில் 3,000 தவறினால் இரண்டரை சதவீதம். அந்த மூவாயிரமும் ஐந்து நிமிடத்தில் சீராகப் பரவியிருந்தால் வினாடிக்குப் பத்து, டேட்டாபேஸ் தாங்கியிருக்கும். வந்ததோ ஏழரை வினாடிக்குள். சராசரி அதைக் காட்டாது. சாதாரண நாளில் இது ஏன் தெரியவில்லை என்றால், வினாடிக்கு 20 பேர் கேட்கும்போது அந்த இடைவெளியில் சிக்குபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். யார் கண்ணிலும் படாது.

உடனே தோன்றிய இரண்டு மருந்துகளும் பலிக்கவில்லை. ஆயுளை அரை மணியாக நீட்டினால் நெரிசல் அரை மணிக்கு ஒரு முறை வரும், வரும்போது அதே அளவில் வரும். அதற்குள் காலியில்லாத அறை காலி என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆயுளோடு சில வினாடிகளைத் தற்போக்காகக் கூட்டுவது நல்ல பழக்கம்தான். கோகுலம், நஜர்பாத், சாமுண்டிபுரம் என்று பகுதிவாரியான பட்டியல்கள் எல்லாம் ஒரே நொடியில் காலாவதியாகாமல் அது தடுக்கும். ஆனால் எங்களை வதைத்தது பல கீகள் அல்ல, எல்லோரும் கேட்ட ஒரே கீ. அதன் ஆயுள் 300 வினாடியில் முடிந்தால் என்ன, 317இல் முடிந்தால் என்ன?

கடைசியில் செய்தது இதுதான். கேஷில் வைக்கும் விடைக்குள்ளேயே 'இந்த நேரத்துக்கு மேல் பழையது' என்று ஒரு குறிப்பை எழுதினோம், 300 வினாடிக்கு. ரெடிஸில் அதன் உண்மையான ஆயுளை ஒரு மணி நேரமாக வைத்தோம். ஆகவே விடை பழையதாகலாமே தவிரச் சட்டென்று மறையாது. பழையதாகிவிட்டதைக் காணும் கோரிக்கை, புதுப்பிக்கும் உரிமையை முதலில் கேட்கவேண்டும்:

```
SET lock:rooms:dasara 7f3a91 NX PX 15000
```

`NX` என்பதால், அந்தப் பெயரில் பூட்டு இல்லாதபோது மட்டுமே இது வெற்றி பெறும். ரெடிஸ் கட்டளைகளை ஒவ்வொன்றாகவே நிறைவேற்றுவதால் இரண்டு பேருக்குக் கிடைக்காது. கிடைத்தவர் டேட்டாபேஸுக்குப் போகிறார். மற்றவர்கள் பழைய பட்டியலையே எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். `PX 15000` என்பது பூட்டின் ஆயுள், 15 வினாடி. உரிமை பெற்ற புரோசஸ் நடுவில் செத்துப்போனால் பூட்டு நிரந்தரமாக நின்றுவிடக்கூடாதே. நடுவிலுள்ள `7f3a91` ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் அடையாளம். வேலை முடிந்து பூட்டை நீக்கும்போது அடையாளம் தன்னுடையதா என்று பார்த்துத்தான் நீக்கவேண்டும். இல்லையென்றால் தாமதமாகத் திரும்பியவர், தன் நேரம் கடந்த பிறகு இன்னொருவர் போட்ட பூட்டைத் திறந்துவிடுவார். டேட்டாபேஸ் மிக மெதுவாகி 15 வினாடி தாண்டினால் இரண்டாவது ஆள் கிளம்புவார், உண்மைதான். மூவாயிரம் பேர் கிளம்பிய இடத்தில் இரண்டு பேர் பரவாயில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் மெம்கேஷ்டு அமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதே எண்ணம் குத்தகை என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கீக்குப் பத்து வினாடிக்கு ஒரு முறைதான் டேட்டாபேஸுக்குப் போகும் அனுமதி. நெரிசலுக்கு ஆளாகும் கீகளில், உச்சத்தில் வினாடிக்கு 17,000 என்றிருந்த டேட்டாபேஸ் குவெரிகள் 1,300 ஆகக் குறைந்ததாக அதில் எழுதியிருந்தார்கள். அதை அன்று படித்தபோது ஆறுதலாக இருந்தது. அவ்வளவு பெரிய இடத்திலும் இதே வலி.

ஆனால் பழைய விடை கையில் இருந்தால்தான் இந்த ஏற்பாடு உதவும். ரெடிஸே விழுந்து காலியாக எழுந்தால் கொடுக்க எதுவும் இருக்காது. ஃபேஸ்புக்குக்கே 2010 செப்டம்பர் 23 அன்று அதை ஒத்தது நடந்தது. தவறான ஓர் அமைப்பு மதிப்பைத் திருத்தப் போன எல்லா கிளையண்டுகளும் டேட்டாபேஸை மொய்த்தன. டேட்டாபேஸ் பிழை கொடுத்தால் அதையும் தவறான மதிப்பு என்று கொண்டு கேஷிலிருந்த கீயை அழித்தன, அதனால் இன்னும் அதிகமாக மொய்த்தன. முழுத் தளத்தையும் நிறுத்திய பிறகே டேட்டாபேஸ் மீண்டது. தளம் இரண்டரை மணி நேரம் முடங்கியது.

அதைப் படித்துவிட்டுத்தான் சார் இரண்டாவது வேலியைப் போடச் சொன்னார். பட்டியல் குவெரிக்கு டேட்டாபேஸில் நான்கு இணைப்புகளுக்கு மேல் கிடையாது. வரிசையில் காத்திருந்து இணைப்பைப் பெற்றவரும் குவெரியை ஓட்டுவதற்கு முன் கேஷை இன்னொரு முறை பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதற்குள் விடை வந்திருக்கும். அரை வினாடிக்குள் இடம் கிடைக்காதவருக்குச் 'சற்று நேரத்தில் முயலவும்' என்ற பக்கம். அடுத்த தசராவுக்கு முன் சோதனைச் சர்வரில் சுமையை ஏற்றி, நடுவில் ரெடிஸை வேண்டுமென்றே நிறுத்தி எழுப்பினோம். சில வினாடிகள் மன்னிப்புப் பக்கம் வந்தது, பிறகு பட்டியல் வந்தது, டேட்டாபேஸின் சுமைக்கோடு பாதிக்கு மேல் ஏறவேயில்லை.

விடுதிக்காரர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். பழைய பட்டியலைக் காட்டினால், நிரம்பிவிட்ட அறைக்கு யாராவது பணம் கட்டிவிட மாட்டார்களா? பட்டியல் சில நிமிடம் பிந்தியிருக்கலாம். ஆனால் பதிவு பொத்தானை அழுத்தியதும் அந்த ஓர் அறையின் நிலையைக் கேஷைத் தொடாமல் நேரே டேட்டாபேஸில் படித்து, அதே பரிவர்த்தனையில் பிடித்துவைக்கிறோம். அது ஒரே ஒரு வரிசையைத் தொடும் சிறு குவெரி, ஒரு சில மில்லி வினாடிதான். பட்டியலைப் பார்க்கிறவர்கள் ஆயிரம் என்றால் அந்தப் பொத்தான் வரை வருகிறவர்கள் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கு டேட்டாபேஸை எப்போதும் காலியாக வைத்திருக்கத்தான் மற்ற அத்தனை ஏற்பாடும்.