கூறத்தாழ்வானும் நானும்

ராமானுஜரின் சீடர், பஞ்ச ஸ்தவம் அருளியவர், எங்கள் ஊர் பெற்ற கூரத்தாழ்வான். அவரை நான் ‘கூறத்தாழ்வான்’ ஆக்கினேன். தை ஹஸ்தத்துக்கு வரும் திருநட்சத்திர மலருக்கு நான்தான் தட்டச்சு செய்தேன்; பிழையும் என்னுடையதுதான். தமிழ் தெரியாமல் செய்ததல்ல. கூரத்துக்கு எந்த ‘ர’ என்பது இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

குற்றவாளி ஷிப்ட் விசை. நான் பயன்படுத்துவது அஞ்சல் வகை ஒலிபெயர்ப்பு விசைப்பலகை. அதில் சிறிய r அடித்தால் ர, பெரிய R அடித்தால் ற. நெடில் ஊகாரத்துக்கு uu என்றும் அடிக்கலாம், U என்றும் அடிக்கலாம். ஒரு விசை மிச்சம் என்று நான் U பக்கம் போனேன். kUram என்று அடிக்கும்போது ஷிப்டிலிருந்து விரல் எழும்புவதற்குள் அடுத்த எழுத்து விழுந்துவிடும், kURam. திரையில் கூறம். ஷிப்ட் சரியாக அழுந்தாவிட்டால் பிழை மறுபக்கம் சாயும். கூரம் செப்பேட்டுக் கட்டுரையில் பல்லவன் வெட்டிய ஏரி, எரியாகிவிட்டது.

பட்டு நெசவு பற்றிய கட்டுரையில் இன்னும் மோசம். மயில்கழுத்து நிறப் புடவைக்கு ‘அரக்குக் கறை’ என்று அடித்திருந்தேன். கறை என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான், அதனால் பிழைதிருத்தி அதன் கீழே கோடு போடவில்லை.

பழைய அச்சக வழக்கப்படி ஒருவர் வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் சரிபார்த்தோம். பெரிய பயனில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ர-வும் ற-வும் காதுக்கு ஒன்றுதான். ன-ந வேறுபாடும் அப்படியே. வாசித்தவர் ‘கறை’ என்றார், எனக்குக் ‘கரை’ என்று கேட்டது. மெய்ப்பு நகர்ந்துகொண்டே போனது.

கூறத்தாழ்வானைக் கண்டுபிடித்த பிறகு நான் செய்ததுதான் உண்மையான குற்றம். ‘கூற’ என்பதைத் தேடி ‘கூர’ என்று மாற்று, எல்லா இடத்திலும் மாற்று என்று கட்டளை கொடுத்தேன். கணினிக்குள் ‘கூறினார்’ என்ற சொல் கூ, ற, அதன்மேல் இகரக் குறி என்றுதான் கிடக்கிறது. ஆகவே ‘கூற’ என்ற தேடலுக்கு அதுவும் அகப்படும். மலர் முழுக்கக் ‘கூரினார்’, ‘கூரியுள்ளார்’. கோயில் பெரியவர் ஒருவர் படியைப் பார்த்துவிட்டு, “ஸ்வாமி, எம்பெருமானார் கூரினார்னு போட்டிருக்கேளே, கூரை வேய்ஞ்சாரா?” என்று கேட்டார். கறையைக் கரையாக்கப் போனபோது ‘அக்கறை’ எல்லாம் ‘அக்கரை’ ஆனது. பெரியவரிடம் இதை நான் காட்டவில்லை.

இப்போது ஒரேயடியாக மாற்றுவதே இல்லை. தேடும் துண்டை நீளமாக எடுக்கிறேன்: ‘கூறத்தாழ்’ என்று தேடினால் வேறெந்தச் சொல்லும் சிக்காது. கரை-கறை, தறி-தரி, பணி-பனி, இழை-இலை போன்ற ஜோடிகளை ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டையும் தனித்தனியே தேடி, ஒவ்வோர் இடத்திலும் வாக்கியத்தைப் படித்த பிறகே விரலை அசைக்கிறேன். மெதுவான வேலைதான்.

ஜோடி தெரியாத பிழைகளுக்குத் தமிழ் எழுத்துகளின் சேர்க்கையே காவல். தமிழ்ச் சொல்லுக்குள் த-வுக்கு முன்னால் ந் வரும், ன் வராது. ற-வுக்கு முன்னால் ந் வராது. ற்-ஐ அடுத்து ர வராது. சொல்லின் நடுவே அழித்துத் திருத்தும்போதுதான் இவை புகுகின்றன. லிப்ரே ஆபிசின் தேடல் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்பதைத் தேர்ந்துகொண்டு இப்படி அடித்தால் மூன்றும் வந்து நிற்கும்:

```
ன்த|ந்ற|ற்ர
```

ந-ன குழப்பத்துக்கு இன்னொரு இடமும் உண்டு. சொல்லின் முதலில் n அடித்தால் விசைப்பலகை தானாகவே ந போடும்; நடுவில் வந்தால் ன போடும். திருநட்சத்திரம் அதற்கு ஒரே சொல், ஆகவே ‘திருனட்சத்திரம்’. நடுவில் ந வேண்டுமென்றால் w அடிக்க வேண்டும். ‘திருன’, ‘பெருன’ என்று தேடினால் இவ்வகைப் பிழைகளில் பல அகப்படும்.

பெயர்கள் எந்த விதிக்கும் அடங்குவதில்லை. ஆழ்வானின் மனைவி ஆண்டாள், மகன் பராசர பட்டர் முதல் கோயில் உபயதாரர் வரை எல்லாப் பெயர்களையும் கையால் எழுதிய பட்டியலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிறேன், கடைசிப் பெயரிலிருந்து முதல் பெயருக்கு, பின்னோக்கி. பொருள் ஓட்டம் அறுந்தால்தான் எனக்கு எழுத்து கண்ணில் படுகிறது. நெடிலுக்கு இப்போது uu-தான் அடிக்கிறேன். ஒரு விசை கூடுதல்.