படமாக ஒட்டிய சமன்பாடுகள்



என்னுடைய ஒளியியல் குறிப்புகள் உங்களில் பலரிடம் இருக்கும். அதில் ஒரு பிழை. கண்டுபிடித்தவள் என் தங்கை பேத்தி, பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதம் போனில் கேட்டாள்: "தாத்தா, குவிலென்ஸ் கணக்குக்கு எனக்கு 12 செ.மீ. வருது, புத்தகத்துல 60னு இருக்கு. நீங்க சொன்ன சமன்பாடு (4)தான் போட்டேன்."

கணக்கு எளியது. குவியத் தூரம் 20 செ.மீ., பொருள் 30 செ.மீ. தள்ளி இருக்கிறது. லென்ஸ் சமன்பாட்டில் போட்டால் 1/20 − 1/30 = 1/60, விடை 60. அவள் போட்டதோ ஆடிச் சமன்பாடு. 1/20 + 1/30 = 1/12, விடை 12. குழந்தை சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறாள். தவறான சமன்பாட்டைக் கை காட்டியவன் நான்.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் சமன்பாடுகளை வேறொரு மென்பொருளில் எழுதி, எண்ணோடு சேர்த்துப் படமாக வெட்டி வேர்டில் ஒட்டினேன். பிறகு f = R/2 என்ற ஒன்றை நடுவே சேர்த்தபோது, அதற்குப் பின்னால் வந்தவற்றின் எண்கள் ஒவ்வொன்று கூடின. ஆடி (4) ஆயிற்று, லென்ஸ் (5) ஆயிற்று. படங்களை எல்லாம் மாற்றி ஒட்டிவிட்டேன். பாடத்துக்குள் "சமன்பாடு (4)-இன்படி" என்றிருந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். படத்துக்குள் இருக்கும் எண் வேர்டுக்குத் தெரியாது. அதனால் அது எச்சரிக்கவும் இல்லை.

எனவே 62 சமன்பாடுகளையும் திரும்பத் தட்டினேன். வேர்டில் Alt, = இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதற்கு முன் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நான் மறந்துபோய் v-க்குப் பதில் தமிழ் எழுத்தாக அடித்து அரை மணி நேரம் விழித்தேன். பெட்டிக்குள் தட்ட வேண்டியது இவ்வளவுதான்:

```
1/v-1/u=1/f
```

ஒவ்வொரு பின்னத்துக்கும் பிறகு இடைவெளி விசையைத் தட்டினால் அது மேலும் கீழுமாக அழகாக அமரும். கிரேக்க எழுத்து μ வேண்டுமென்றால் \mu என்று தட்டி இடைவெளி விடலாம். பழைய படத்தை உடனே அழிக்காதீர்கள். புதியதைப் படத்துக்குக் கீழே வைத்துக் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே அழித்தேன். இரண்டு இடத்தில் கூட்டல் கழித்தலாகியிருந்தது.

எண்தான் முக்கியம். அதைக் கையால் தட்டினால் பழைய கதைதான். ஒரு வரிசை, மூன்று பத்திகள் கொண்ட கோடில்லாத அட்டவணை போட்டு, நடுவில் சமன்பாடு, வலது பத்தியில் அடைப்புக்குறி. அதற்குள் Ctrl+F9 அழுத்தினால் சாம்பல் நிறத்தில் இரட்டை வளைவு வரும். அதனுள்ளே:

```
SEQ Equation
```

என்று தட்டி F9 அழுத்தினால் எண் தானாக வரும். அடுத்ததற்கு இந்த வரிசையையே நகலெடுத்து, நடுவிலுள்ள சமன்பாட்டை மாற்றினால் போதும்.

இனி பாடத்தில் அதைக் குறிப்பிட வேண்டும். வலது பத்தியில் அடைப்புக்குறியோடு எண்ணைத் தேர்ந்தெடுத்து, Insert → Bookmark போய் lens என்று பெயர் வைத்தேன். பாடத்தில் "சமன்பாடு" என்று எழுதியபின் References → Cross-reference-இல் Bookmark-ஐத் தேர்ந்து, lens-ஐச் சுட்டி, Bookmark text கேட்டால் (5) விழும். இது தட்டிய எண் அல்ல, அந்த எண்ணோடு கட்டிய கயிறு. இடையில் ஒரு சமன்பாடு சேர்த்துவிட்டு, Ctrl+A, பிறகு F9 அழுத்தினால் (6) என்று மாறிக்கொள்ளும். F9 அழுத்தாவிட்டால் பழைய எண்ணே நிற்கும். அதை மறக்காதீர்கள். சமன்பாட்டை அழித்துவிட்டால் அந்த இடத்தில் Error! என்று தொடங்கும் வரி வரும். அச்சிடும் முன் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள். எங்காவது படம் மிச்சமிருக்கிறதா என்று அறிய, தேடும் பெட்டியில் ^g என்று கொடுத்தால் வரியோடு ஒட்டிய படங்களில் ஒவ்வொன்றாக நிற்கும். விளக்கப் படங்களிலும் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை .docx ஆகவே வைத்திருங்கள். யாராவது பழைய .doc வடிவில் சேமித்தால் வேர்டு சமன்பாடுகளைத் திரும்பப் படங்களாக்கிவிடும்.

புதிய கோப்பை வேண்டுவோர் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். பழையது வைத்திருப்பவர்கள் குவிலென்ஸ் கணக்கில் (4) என்று இருப்பதை (5) என்று திருத்திக்கொள்ளுங்கள். அதை நம்பி வகுப்பில் யாராவது 12 என்று எழுதிப் போட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளிடம் தவறு என் பேரில் என்று சொல்லிவிடுங்கள்.