சதுர அடி 1,350 மலிவா, 1,600 மலிவா?



வீடு கட்டி முடித்த கையோடு கையில் காசு கரைந்திருக்கும். அப்போதுதான் பீரோ, அலமாரி வேலைக்கு ஆசாரி விலை சொல்வார். போன மாதம் என் தம்பி மகள் இரண்டு கொட்டேஷன் அனுப்பி, "பெரியப்பா, 1,350க்கே கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலமாரி 7 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம். ஆசாரிகள் பெரும்பாலும் முகப்பை மட்டும்தான் அளப்பார்கள். அதாவது 49 சதுர அடி. ஆனால் உள்ளே போகும் பலகையைக் கூட்டிப் பாருங்கள். நிற்கும் பலகை நான்கு, மேலும் கீழும் இரண்டு, இதற்கு 3 ஷீட். ஆறு கதவுக்கு 2 ஷீட், ஆறு தட்டுக்கு ஒரு ஷீட். ஆக 18 மி.மீ. பிளைவுட் 6 ஷீட், ஒன்று 32 வீதம் 192 சதுர அடி. முகப்பில் ஓர் அடிக்குப் பின்னால் ஏறக்குறைய நான்கு அடி பிளைவுட்!

முதல் ஆசாரி எழுதியது எம்.ஆர். ரகம். காற்றின் ஈரத்தைத் தாங்கும், தண்ணீர் பட்டால் தாங்காது. இரண்டாமவர் பி.டபிள்யூ.ஆர்.; அதன் பசை தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும். கடையில் விசாரித்தோம், அடிக்கு 30 ரூபாய் வித்தியாசம். 192 அடிக்கு 5,760.

அடுத்தது லேமினேட். இருவருமே வெளியே 1 மி.மீ. முதலாமவர் உள்ளே பெயின்ட்தான், இரண்டாமவர் 0.8 மி.மீ. லேமினேட். உள்பக்கம் முழுக்க ஒட்ட சுமார் 5,000 ஆகும். இது அழகுக்கு மட்டும் இல்லை. கதவின் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் நாளாக நாளாக வளையும், சரியாக மூடாது.

மூன்றாவது கீல். 7 அடிக் கதவுக்கு நான்கு வீதம் 24. சாதாரணக் கீலுக்கும் சத்தமில்லாமல் மூடும் சாஃப்ட் குளோஸ் கீலுக்கும் ஒன்றுக்கு 70 ரூபாய் என்றால் 1,680.

மூன்றையும் கூட்டினால் 12,440. இரண்டு கொட்டேஷனுக்கும் வித்தியாசம் எவ்வளவு? 250 பெருக்கல் 49, அதாவது 12,250. ஆக 1,600 கேட்டவர் அதிகம் கேட்கவில்லை. 1,350 கேட்டவரும் ஏமாற்றவில்லை. அது வேறு பொருள். அவளுடைய அலமாரி குளியலறைச் சுவரை ஒட்டி வருகிறது. அதனால் 1,600ஐயே எடுக்கச் சொன்னேன். உள்சுவரில் இருந்தால் எம்.ஆர். ரகமே போட்டு, உள்பக்க லேமினேட்டை மட்டும் கேட்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஒன்றை மறக்காதீர்கள். லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே எந்தப் பலகை என்று யாராலும் சொல்ல முடியாது. ஷீட் வந்து இறங்கும் அன்றே, அறுப்பதற்கு முன், ஆறிலும் ரகமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து போனில் படம் எடுத்து வையுங்கள். பரண், டிராயர், பூட்டு, கைப்பிடி இதெல்லாம் விலைக்குள் சேர்ந்ததா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

யாராவது கொட்டேஷன் வைத்திருந்தால் அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.