கோலமாவில் வரைந்த வீடு

கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமம். அங்கே அக்ரகாரத்தில் நான்கு தலைமுறையாக இருந்து வந்த வீட்டை விட்டு, சென்னையில் மகன் வீட்டுக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்குப் போவதென்று அந்தத் தம்பதி முடிவு செய்தார்கள். அவருக்கு எழுபத்தெட்டு வயது. அம்மாளுக்கு எழுபத்திரண்டு. வாசல் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை நடந்து வருவதே இருவருக்கும் ஒரு யாத்திரையாகிவிட்டது.

வீட்டை விடுவதில் அவர்களுக்குள் வாக்குவாதம் எழவில்லை. எந்தச் சாமானை எடுத்துச் செல்வது என்பதில்தான் எழுந்தது. அம்மாள் ஊஞ்சலை விடமாட்டேன் என்றார். அவருடைய மூன்று பெண்களுக்கும் கல்யாண ஊஞ்சல் ஆடியது அந்தப் பலகையில்தான். பெரியவர் பத்தாயத்தை விடமாட்டேன் என்றார்; அவருடைய தாத்தா காலத்தில் இரண்டு போக நெல்லும் அதில் நிறைந்து கிடந்தது. பத்து நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வழி கண்டவர் அம்மாளே. புது வீட்டின் அளவுகளை மகனிடம் கேட்டு எழுதி வாங்கினார். ஹால் பதினாறடிக்குப் பத்தடி. படுக்கை அறை பதினோரடிக்குப் பத்தடி. மறுநாள் காலையில் கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, தச்சர் பிடித்த அளவு நாடாவின் ஓரமாகவே கோலமாவால் கோடிழுத்தார். சுவர், வாசற்படி, ஜன்னல் எல்லாம் தரையில் உண்மை அளவில் விழுந்தன. கதவு திறக்கும் இடத்தில் கால் வட்டம் ஒன்றையும் இழுத்தார். கதவு உட்புறமாகத் திறக்குமானால் அந்த வட்டத்துக்குள் எந்தச் சாமானும் நிற்கக் கூடாதல்லவா?

முதலில் ஊஞ்சல். பலகை ஆறடி நீளம், இரண்டடி அகலம். வைக்க மட்டும் என்றால் சிறிய இடம் போதும். ஆடுவதற்கு முன்னே மூன்றடி, பின்னே மூன்றடி வேண்டும். ஆக எட்டடி. பதினாறடி ஹாலில் சரிபாதி ஊஞ்சலுக்கே போயிற்று. இன்னொரு தடையும் இருந்தது. பழைய வீட்டில் சங்கிலி தொங்கியது தேக்கு உத்திரத்தில். புது வீட்டிலோ கான்கிரீட் கூரை. ஊஞ்சல் கொக்கியைக் கூரை போடும்போதே கம்பியோடு பிணைத்து வைத்துவிடுவதே வழக்கம். பிறகு துளையிட்டு மாட்டுவதானால் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். மின்விசிறிக்கு விட்ட கொக்கி ஊஞ்சலைத் தாங்காது. ஆடும்போது இழுக்கும் பாரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உள்ளதைவிட அதிகம். அம்மாள் கோட்டைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது கட்டில். கடைசல் கால்கள் வைத்த பெரிய கட்டில். தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். ஏற ஒரு முக்காலி வேண்டும். ஆளைக் கூட்டித் தூக்கி வந்து, படுக்கை அறைக் கோட்டுக்குள் போட்டு, மூன்று இரவு அதில் படுத்துப் பார்த்தார்கள். இரவில் எழுந்து, குளியலறைக் கதவென்று வரைந்திருந்த இடத்துக்குச் சிறு விளக்கொளியில் நடந்தார்கள். காலையில் பார்த்தால் ஓரிடத்தில் கோலமாவு அழிந்திருந்தது.

“ஏன்னா, ராத்திரி சுவரைத் தாண்டி நடந்திருக்கோம்” என்று அம்மாள் சிரித்தார்.

பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. மெய்யான சுவரானால் அங்கே முழங்கை இடித்திருக்கும். அல்லது கால் தடுக்கியிருக்கும். கைத்தடியோடு நடப்பவருக்கு மூன்றடி வழி வேண்டும். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது இரண்டடிதான். உயரமும் பொருந்தவில்லை. விளிம்பில் உட்கார்ந்தால் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிய வேண்டும். வயதானவருக்குக் கட்டிலின் உயரம் அதுதான். காலை அறுத்துக் குறைக்கலாம் என்றார் தச்சர். பெரியவருக்கு மனம் ஒப்பவில்லை. தம்பி மகன் வீட்டில் இடம் உண்டு; கட்டில் முழு உருவோடு அங்கே போயிற்று. மாடி அறையில் கிடந்த, ஒன்றரை அடி உயரமுள்ள சாதாரணக் கட்டில் புது வீட்டுக்கு உறுதியாயிற்று.

மிஞ்சியது பத்தாயம். அது கோட்டுக்குள் அடங்காது என்பதை அளக்காமலே அறியலாம். ஆனால் அது அடுக்கடுக்காகக் கழற்றக்கூடியது. பலா மரப் பலகைகள். “ஒரு அடுக்கையாவது கொண்டு போகலாமே” என்றார் பெரியவர். தச்சர் உடனே தலையாட்டவில்லை. பலகைகளைக் கழற்றி, கறுப்புத் துணி விரித்து அதன் மேல் சாத்தி வைத்தார். ஒரு வாரம் கழித்துத் துணியைப் பார்த்தார்கள். அடியடுக்குப் பலகைகளின் கீழே மைதா மாவு போல் புதுத் தூள் உதிர்ந்திருந்தது. பலகையில் குண்டூசித் தலையளவு துளைகள். பழைய துளை மட்டும் இருந்தால், பூச்சி எப்போதோ வந்து போயிருக்கலாம். புதுத் தூள் உதிர்ந்தால் உள்ளே இன்னும் அரிக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகையைக் கொண்டுபோனால் புது வீட்டின் கதவு நிலைக்கும் அலமாரிக்கும் அது பரவலாம். மேல் இரண்டு அடுக்குகளின் கீழே துணி சுத்தமாக இருந்தது. தட்டினாலும் கணீரென்று ஒலித்தது.

அந்த நல்ல பலகைகளில்தான் சுவாமி அலமாரி செய்வதென்று தீர்மானமாயிற்று. பழைய பூஜை அறை தனி அறை. புது வீட்டில் ஹாலின் ஒரு மூலைதான் அதற்கு. குளியலறையை ஒட்டிய சுவரை விலக்கினார்கள். அங்கே ஈரம் ஊறினால் பெரியவரின் பாட்டி காலத்துத் தஞ்சாவூர்ப் படத்தின் சுண்ணப் பூச்சு உப்பிப் பெயர்ந்துவிடும். இருவராலும் இப்போது மணையில் உட்கார முடியாது. ஆகவே நாற்காலியில் அமர்ந்தால் கண்ணுக்கு நேராகத் தரிசனம் கிடைக்கும் உயரத்தில் தட்டு அமைந்தது. மரத்தட்டுக்குள் விளக்கேற்றுவது ஆபத்து. சுடர் சிறிதாயினும் மேல் தட்டு நாளடைவில் கருகும். அதனால் முன்னால் இழுத்துக்கொள்ளும் பலகை ஒன்று செய்து, அதன் மேல் பித்தளைத் தகடு பதித்தார் தச்சர். விளக்கு அலமாரிக்கு வெளியே, திறந்த இடத்தில் நிற்கும்.

அன்று மாலை பெரியவர் தாமாகவே அம்மாளிடம் வந்தார். “பத்தாயம் எனக்கு வந்துவிட்டது. உன் ஊஞ்சலுக்கு ஒரு வழி செய்யாமல் போவது நியாயமில்லை” என்றார். பலகையின் கனம் போக ஒன்றேகால் அடியில் இரண்டு தாங்கிகள் செய்து, ஜன்னலோரச் சுவரை ஒட்டிப் பலகையை அவற்றின் மேல் பொருத்தினால், கோட்டுக்குள் அது அடங்குகிறது. வழியும் மறையவில்லை. ஆடாது, ஆனால் மூவர் உட்காரலாம். பித்தளைச் சங்கிலிகளைத் துலக்கித் துணியில் சுற்றி மூத்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். ரேழியிலிருந்த நீள பெஞ்சு கோயில் மண்டபத்துக்குப் போயிற்று. பிரசாதம் வாங்க வருகிறவர்கள் அதில் உட்காருகிறார்கள்.

புறப்படும் நாளன்று கூடத்தில் கோலமாவுக் கோடுகள் பாதி அழிந்து கிடந்தன. மீதியைக் காலால் மிதிக்க அம்மாளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

சென்னையில் இப்போது சுவாமி அலமாரியின் அடித்தட்டில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தினமும் உலை வைக்கும் முன் அம்மாள் ஒரு பிடி அரிசியை அதில் போடுகிறார். நிறைந்ததும் அருகிலுள்ள கோயில் மடைப்பள்ளிக்குப் போகும். பெரியவர் ஜன்னலோரம் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து, அரிசி விழும் ஓசையைக் கேட்கிறார். நெல் அளந்த அதே பலா மரத்தில் இன்று ஒரு பிடி அரிசி விழுகிறது.